விலை தெரியவரும் முன்பே முடிந்துவிடும் கெடு: ஆண்டு மென்பொருள் உரிமப் புதுப்பிப்பைக் கையாளும் முறை

மென்பொருளை ஆண்டுச் சந்தாவில் வாங்கும் அலுவலகங்கள் பெரும்பாலும் ஒப்பந்தம் முடியும் நாளையே நாட்காட்டியில் குறித்து வைக்கின்றன. தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் அந்த நாளைக் குறித்து வைத்துப் பயனில்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை, காலம் முடிவதற்கு 30, 60 அல்லது 90 நாட்களுக்கு முன்பே வாங்கியவரின் கையை விட்டுப் போயிருக்கும். அதன் பிறகு எந்த விலை வந்தாலும் இன்னொரு முழு ஆண்டுக்குப் பணம் கட்ட வேண்டிவரும்.

இதைவிடப் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பெரும்பாலான ஒப்பந்தங்களில் இரண்டு அறிவிப்புக் காலங்கள் இருக்கின்றன: வாங்கியவர் புதுப்பிக்க வேண்டாம் என்று தெரிவிப்பதற்கான கெடு ஒன்று, மென்பொருள் நிறுவனம் புதிய விலையைத் தெரிவிப்பதற்கான கெடு இன்னொன்று. இவற்றில் முதலாவது முந்தி வந்துவிட்டால், விலை என்னவென்று தெரியாமலேயே அடுத்த ஆண்டுக்குச் சம்மதித்ததாகிவிடும். இந்த இடைவெளியைக் கண்டுபிடித்து, அதற்குள் சிக்காமல் வெளிவருவது எப்படி என்பதையே இங்கே படிப்படியாகப் பார்க்கப்போகிறோம்.

கையில் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு

ஓர் அலுவலகம் 120 பயனர்களுக்கு ஒரு மென்பொருளை வாங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டியல் விலை ஒரு பயனருக்கு ஆண்டுக்கு 1,000. நாணயம் எதுவாகவும் இருக்கலாம். முதல் ஆண்டுக்கு 30 சதவீதத் தள்ளுபடி கிடைத்ததால் ஒரு பயனருக்கு 700 வீதம் மொத்தம் 84,000 கட்டியிருக்கிறார்கள். காலம் 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை. ஒப்பந்தத்தில் நான்கு விதிகள் இருக்கின்றன. நடப்புக் காலம் முடிவதற்குக் குறைந்தது 60 நாட்களுக்கு முன் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் ஒப்பந்தம் ஓராண்டுக்குத் தானாகப் புதுப்பிக்கப்படும். புதுப்பிப்பு அப்போதைய பட்டியல் விலையில் நடக்கும். விலை மாற்றத்தை மென்பொருள் நிறுவனம் 45 நாட்களுக்கு முன் தெரிவிக்கும். பயனர் எண்ணிக்கை குறைந்தால், பழைய விலையைக் கருத்தில் கொள்ளாமல் புதிதாக விலை நிர்ணயிக்கப்படும்.

நான்கையும் தனித்தனியாகப் படித்தால் எதுவும் உறுத்தாது. சேர்த்துப் படித்தால் நிலைமை வேறு. நிறுவனம் பட்டியல் விலையை 5 சதவீதம் மட்டும் உயர்த்தி 1,050 ஆக்குகிறது. தள்ளுபடி முதல் ஆண்டோடு முடிந்துவிட்டதால், 120 பயனர்களுக்கான தொகை 1,26,000 ஆகிறது. அறிவிக்கப்பட்ட உயர்வு 5 சதவீதம். கட்ட வேண்டிய தொகையின் உயர்வு 50 சதவீதம்.

முதல் படி: எல்லா ஆவணங்களையும் ஒன்றாக எடுத்து வைப்பது

ஒரு சந்தாவின் விதிகள் ஒரே தாளில் இருப்பது அரிது. காலமும் எண்ணிக்கையும் விலையும் ஆர்டர் படிவத்தில் இருக்கும். புதுப்பிப்பும் அறிவிப்பும் முதன்மை ஒப்பந்தத்தில் இருக்கும். அந்த ஒப்பந்தமோ நிறுவனத்தின் இணையத்தில் உள்ள பொது விதிகளைச் சுட்டிக்காட்டும். இணையத்தில் உள்ள விதிகள் மாறக்கூடியவை என்பதால், கையொப்பமிட்ட நாளில் இருந்த வடிவத்தைச் சேமித்து வைத்திருப்பது பின்னால் பெரிதும் உதவும். ஆவணங்கள் தமக்குள் முரண்பட்டால் எது மேலோங்கும் என்று சொல்லும் பிரிவும் ஒன்று இருக்கும். பல ஒப்பந்தங்களில் ஆர்டர் படிவமே மேலோங்குகிறது. எனவே முதன்மை ஒப்பந்தத்தில் 30 நாட்கள் என்று படித்துவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. ஆர்டர் படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில் 90 நாட்கள் என்று இருக்கக்கூடும்.

ஆங்கிலத்தில் உள்ள நீண்ட ஒப்பந்தங்களில் இந்தப் பிரிவுகளை விரைவாகக் கண்டுபிடிக்க, கோப்பைத் திறந்து கீழ்க்கண்ட சொற்களை ஒவ்வொன்றாகத் தேடலாம்:

```
renew
notice
then-current
list price
uplift
decrease
```

மென்பொருளை இடைத்தரகர் வழியாக வாங்கியிருந்தால் இன்னொரு கேள்வியும் எழுகிறது: ஒப்பந்தம் யாருடன்? இடைத்தரகருடன் என்றால் மறுப்பு அறிவிப்பு அவருக்குத்தான் போக வேண்டும். அவர் மென்பொருள் நிறுவனத்திடம் சொல்ல வேண்டிய கெடு தனியாக இருப்பதால், வாங்கியவருக்கு அவர் விதிக்கும் கெடு பெரும்பாலும் இன்னும் முன்னதாகவே வரும்.

இரண்டாம் படி: கடைசி நாளைச் சரியாகக் கணக்கிடுவது

இரண்டு மாதம் என்று மனக்கணக்காகப் பார்த்தால், மார்ச் 31க்கு இரண்டு மாதம் முன்பு ஜனவரி 31 என்று தோன்றும். நாட்களை எண்ணினால் 60 நாட்களுக்கு முன்பு வருவது ஜனவரி 30. விரிதாளில் இதைப் போட்டுப் பார்ப்பது எளிது; கிடைக்கும் கலத்தைத் தேதி வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால் போதும்:

```
=DATE(2026,3,31)-60
```

இந்த ஒரு நாள் வேறுபாட்டிலேயே உரிமை போனவர்கள் உண்டு. ஆனால் ஜனவரி 30ஐயும் கடைசி நாளாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒப்பந்தத்தின் அறிவிப்புப் பிரிவு, அறிவிப்பு எப்போது சென்றடைந்ததாகக் கருதப்படும் என்றும் சொல்கிறது. மின்னஞ்சல் என்றால் அடுத்த வேலை நாளில், கூரியர் என்றால் அனுப்பிய இரண்டாவது அல்லது மூன்றாவது வேலை நாளில் என்பது போன்ற விதிகள் வழக்கமானவை. 2026 ஜனவரி 30 ஒரு வெள்ளிக்கிழமை. அன்று மாலை அனுப்பும் மின்னஞ்சல் பெறுநரின் அடுத்த வேலை நாளான பிப்ரவரி 2, திங்கட்கிழமை சென்றடைந்ததாகவே கருதப்படும். அதற்குள் கெடு கடந்திருக்கும். பெறுநர் வேறொரு நேர மண்டலத்தில் இருந்தால் வெள்ளிக்கிழமை நண்பகலில் அனுப்பியதுகூடத் தாமதமாகலாம்.

காலம் தொடங்கும் நாளையும் சரிபார்க்க வேண்டும். கையொப்பமிட்ட நாள், மென்பொருள் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்ட நாள், முதல் இன்வாய்ஸின் நாள் ஆகிய மூன்றும் வெவ்வேறாக இருக்கலாம். காலம் எதிலிருந்து ஓடுகிறது என்பதை ஆர்டர் படிவம் தீர்மானிக்கிறது. நடுவில் கூடுதலாகச் சேர்த்த பயனர்களுக்குத் தனி ஆர்டர் படிவம் போட்டிருந்தால், அவர்களுக்கான காலம் வேறொரு நாளில் முடியவும் வாய்ப்புண்டு.

சந்தேகம் எங்கே வந்தாலும் முந்தைய தேதியையே எடுத்துக்கொண்டு, அதற்கும் இரண்டு வாரங்களுக்கு முன் செயலுக்கான நாளைக் குறிப்பதே நான் பரிந்துரைக்கும் முறை. நம் எடுத்துக்காட்டில் அது ஜனவரி 16. பெரும்பாலான ஒப்பந்தங்கள் "குறைந்தது 60 நாட்கள்" என்று மட்டுமே சொல்வதால் முன்கூட்டியே அனுப்புவதில் தடையில்லை. சில ஒப்பந்தங்கள் மட்டும் 120 நாளுக்கு மேலும் கூடாது, 60 நாளுக்குக் குறைவாகவும் கூடாது என்று ஒரு சாளரத்தை வைக்கின்றன. அப்படியானால் அந்தச் சாளரத்தின் முதல் வாரத்திலேயே அனுப்பிவிடலாம்.

மூன்றாம் படி: இரண்டு கெடுக்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது

மார்ச் 31லிருந்து 45 நாட்களைக் கழித்தால் பிப்ரவரி 14 வருகிறது. நிறுவனம் தன் புதிய விலையை அன்று சொன்னாலும் ஒப்பந்தப்படி சரியாக நடந்துகொண்டதாகவே ஆகும். வாங்கியவரின் கெடுவோ ஜனவரி 30உடன் முடிந்துவிட்டது. நடுவில் உள்ள 15 நாட்கள்தான் இந்த ஒப்பந்தத்தின் விலையுயர்ந்த பகுதி. பிப்ரவரியில் 1,26,000 என்ற இன்வாய்ஸைப் பார்த்து அதிர்ந்துபோய் எழுதும் கடிதத்துக்கு ஒப்பந்தத்தில் எந்த வலிமையும் இருக்காது.

சில ஒப்பந்தங்கள் விலையைத் தெரிவிக்கும் கடமையையே குறிப்பிடாமல், அப்போதைய பட்டியல் விலை என்று மட்டும் சொல்லி முடித்துவிடும். அங்கே இடைவெளி இன்னும் பெரிது. வேறு சிலவற்றில், விலை அறிவிப்பு வந்த நாளிலிருந்து குறிப்பிட்ட நாட்களுக்குள் மறுக்கும் உரிமை தரப்பட்டிருக்கும். அந்த ஒரு வரி இருந்தால் இந்தச் சிக்கலின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அதனால் அதைத் தேடிப் பார்த்த பிறகே அடுத்த படிக்குச் செல்வது நல்லது.

நான்காம் படி: யார் உண்மையில் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பது

இதை ஒப்பந்தம் முடிவதற்கு 120 நாட்களுக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் டிசம்பர் தொடக்கத்தில். நிர்வாகப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பயனரும் கடைசியாக உள்நுழைந்த தேதியை எடுத்து, கடந்த 90 நாட்களில் ஒருமுறையும் வராதவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால், வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளும், ஒரே திட்டத்துக்காகச் சேர்க்கப்பட்டு மறக்கப்பட்டவர்களின் கணக்குகளும் வெளிவரும். ஆண்டுக்கு ஒருமுறை, கணக்கு முடிக்கும் மாதத்தில் மட்டும் பயன்படுத்துபவர்களும் இந்தப் பட்டியலில் விழுவார்கள் என்பதால், பெயர்களைத் துறைத் தலைவர்களிடம் காட்டி உறுதிசெய்த பின்பே எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும்.

120 பேரில் 85 பேருக்கே தேவை என்று தெரிகிறது என்று கொள்வோம். எண்ணிக்கையை மூன்றில் ஒரு பங்கு போலக் குறைத்தால் செலவும் அப்படியே குறையும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் நான்காவது விதியின்படி குறைத்த எண்ணிக்கைக்குப் பழைய விலை கிடையாது. 85 பயனர்களுக்கு 1,050 வீதம் 89,250 ஆகிறது. முப்பத்தைந்து பேரை விலக்கிய பிறகும் சென்ற ஆண்டைவிட 5,250 அதிகம். எண்ணிக்கைக் குறைப்பும் தள்ளுபடியும் ஒரே பேச்சில், ஒன்றோடொன்று சேர்த்தே தீர்க்கப்பட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். சென்ற ஆண்டு கட்டிய 700ஐ அடிப்படையாக வைத்து 5 சதவீதம் மட்டும் உயர்த்தினால் 735. அந்த விலையில் 85 பயனர்களுக்கு 62,475. ஒரே மென்பொருளுக்கு, ஒரே எண்ணிக்கைக்கு, எந்த அடிப்படையிலிருந்து கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்து 26,775 வேறுபடுகிறது.

ஐந்தாம் படி: விலையை எழுத்தில் கேட்பது

டிசம்பர் முதல் வாரத்தில் நிறுவனத்தின் கணக்கு மேலாளருக்கு எழுதி, 85 பயனர்களுக்கும் 120 பயனர்களுக்கும் தனித்தனியாகப் புதுப்பிப்பு விலையைக் கேட்க வேண்டும். ஜனவரி 9க்குள் பதில் தேவை என்று தேதியும் குறிப்பிட வேண்டும். தேதி சொல்லாத வேண்டுகோளுக்குக் கெடு கடந்த பிறகே பதில் வருவது இத்துறையில் சாதாரணம். அதைச் சூழ்ச்சி என்று கொள்ள வேண்டியதில்லை. விற்பனைப் பிரிவினர் தங்கள் காலாண்டு முடிவை வைத்தே வேலைகளை அடுக்குகிறார்கள், வாங்கியவரின் கெடு அவர்களுடைய திரையில் தெரிவதில்லை.

கேட்கும்போது மூன்று திருத்தங்களையும் சேர்த்தே முன்வைக்கலாம். புதுப்பிப்பு விலை, முந்தைய காலத்தில் உண்மையில் கட்டிய ஒரு பயனருக்கான விலையிலிருந்து குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் உயரக் கூடாது. பட்டியல் விலை என்ற சொல் அந்த வாக்கியத்திலேயே இருக்கக் கூடாது. புதிய விலை, மறுப்புக் கெடுவுக்குக் குறைந்தது 30 நாட்கள் முன்பே எழுத்தில் தரப்பட வேண்டும். தவறினால் பழைய விலையே தொடரும். எண்ணிக்கையைக் குறிப்பிட்ட அளவு வரை குறைத்தாலும் இந்த உச்சவரம்பு மாறாது. இவற்றில் விலையை முன்கூட்டியே தெரிவிக்கும் திருத்தத்தைப் பெறுவது பெரும்பாலும் எளிது, ஏனெனில் அது நிறுவனத்தின் வருவாயை நேரடியாகத் தொடுவதில்லை. உச்சவரம்பாக 7 சதவீதம் என்றால் சிறிதாகத் தோன்றும். ஆண்டுதோறும் கூடினால் மூன்று ஆண்டுகளில் அது 22.5 சதவீதமாகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தே ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆறாம் படி: மறுப்பு அறிவிப்பை அனுப்புவது

ஜனவரி 9 கடந்தும் ஏற்கத்தக்க விலை எழுத்தில் வரவில்லை என்றால், மென்பொருளைத் தொடர்ந்து பயன்படுத்தும் எண்ணம் இருந்தாலும் மறுப்பு அறிவிப்பை அனுப்பிவிடலாம். அது மென்பொருளை அன்றே நிறுத்துவதில்லை. தானாகப் புதுப்பிக்கும் விதியை மட்டும் நிறுத்துகிறது. சேவை மார்ச் 31 வரை தொடரும், பேசுவதற்கான நேரம் ஜனவரி 30இலிருந்து மார்ச் 31க்கு நீள்கிறது. வாசகம் இப்படி அமையலாம்:

> ஆர்டர் படிவ எண் ____ இன்படி நாங்கள் பெற்றுள்ள சந்தா, அதன் நடப்புக் காலம் முடியும் 2026 மார்ச் 31க்குப் பின் புதுப்பிக்கப்பட வேண்டாம் என்பதை முதன்மை ஒப்பந்தத்தின் பிரிவு ____ இன்கீழ் இதன்மூலம் அறிவிக்கிறோம். அதற்குப் பின் சேவை தொடர்வதானால், இரு தரப்பும் கையொப்பமிடும் புதிய ஆர்டர் படிவத்தின்படியே தொடரும். இந்த அறிவிப்பு கிடைத்ததை எழுத்தில் உறுதிசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

"விலை ஒத்துவராவிட்டால் புதுப்பிக்க மாட்டோம்" என்பது போன்ற நிபந்தனை வாக்கியத்தைத் தவிர்க்க வேண்டும். அது பேச்சுவார்த்தைக் கடிதம், அறிவிப்பு ஆகாது என்று பின்னால் வாதிட இடம் கொடுக்கும். கணக்கு மேலாளரிடம் தொலைபேசியில் சொன்னதும், அவருக்கு மட்டும் அனுப்பிய மின்னஞ்சலும் போதாமல் போகலாம். அறிவிப்புப் பிரிவில் உள்ள முகவரிக்கு, அதில் சொன்ன வழியில் அனுப்பி, கணக்கு மேலாளருக்கு ஒரு நகல் வைக்க வேண்டும். அனுப்பிய மின்னஞ்சலின் முழுத் தலைப்பு விவரங்களையும், கூரியர் என்றால் ஒப்படைப்புச் சான்றையும் ஒப்பந்தக் கோப்பிலேயே சேமிக்க வேண்டும்.

இணையத்தில் தானே வாங்கிய சந்தாக்களில் நிலைமை மாறுபடுகிறது. அங்கே நிர்வாகப் பக்கத்தில் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தும் பொத்தானே செல்லுபடியாகும் ஒரே வழியாக இருக்கக்கூடும். நிறுத்திய பின் தோன்றும் திரையைத் தேதியோடு படம் எடுத்து வைப்பது நல்லது. கார்டை நீக்கிவிட்டால் ஒப்பந்தம் முடிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கார்டை நீக்குவது பணம் எடுப்பதை மட்டுமே தடுக்கும். புதுப்பிக்கப்பட்ட ஆண்டுக்கான தொகை கடனாக நிற்கும்.

மறுப்பு அறிவிப்பு எல்லோருக்கும் பொருந்தும் மருந்து இல்லை. ஒப்பந்தத்தில் ஏற்கெனவே நல்ல உச்சவரம்பு இருந்தால், அது "புதுப்பிப்புக்கு" மட்டுமே பொருந்தும்படி எழுதப்பட்டிருக்கும். மறுத்துவிட்டுப் புதிதாக வாங்கினால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் தொடரும், இப்போது விற்பனையில் இல்லாத திட்டங்களும் அப்படியே. ஒருமுறை விட்டால் திரும்பக் கிடைக்காது. பேச்சுவார்த்தை மார்ச் 31க்குள் முடியாவிட்டால் சேவை நின்றுபோகும் என்பதையும் கணக்கில் கொண்டு, அறிவிப்பு அனுப்பிய வாரத்திலேயே தரவுகளை முழுமையாக ஏற்றுமதி செய்து, கோப்புகள் சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்து வைக்க வேண்டும். காலம் முடிந்த பின் தரவுகளை எத்தனை நாட்கள் வைத்திருப்பார்கள் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கும். பலவற்றில் அது 30 நாட்கள்.

கெடு கடந்துவிட்டால்

முதலில் நிறுவனம் தன் பங்கைச் சரியாகச் செய்ததா என்று பார்க்க வேண்டும். விலை அறிவிப்பு பிப்ரவரி 14க்குள் வந்ததா, எந்த முகவரிக்கு வந்தது, இன்வாய்ஸில் உள்ள எண்ணிக்கையும் விலையும் ஒப்பந்தத்தோடு பொருந்துகின்றனவா என்பவற்றைச் சரிபார்க்கையில், விலை அறிவிப்பு தாமதமாக வந்ததாகவோ, வேலையை விட்டுப் போன ஒருவரின் அஞ்சல்பெட்டிக்குப் போனதாகவோ தெரியவரலாம். அது பழைய விலையைக் கேட்க வலுவான அடிப்படை. சில நாடுகளில் தானியங்கிப் புதுப்பிப்புக்கு முன் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் இத்தகைய சட்டங்களில் பல தனிநபர் நுகர்வோரை மட்டுமே காக்கின்றன. நிறுவனமாக வாங்கியவர் தமக்கு அது பொருந்துமா என்று வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிய வேண்டும். புதுப்பித்த பின்பும் சிறு அவகாசம் தரும் திட்டங்களும் உண்டு. மைக்ரோசாஃப்டின் புதிய வணிக முறையில் வாங்கிய சந்தாக்களை, வாங்கிய அல்லது புதுப்பித்த முதல் 7 நாட்களுக்குள் ரத்துசெய்து, பயன்படுத்திய நாட்களுக்கானது போக மீதியைத் திரும்பப் பெறலாம்.

இவை எதுவும் உதவாதபோதும் பேச இடமிருக்கிறது. ஓராண்டுக்குப் பணம் கட்ட ஒப்புக்கொண்டு, அதற்கு ஈடாக விலையைக் குறைக்கவோ, பயன்படாத 35 உரிமங்களை அதே நிறுவனத்தின் வேறொரு மென்பொருளுக்கு மாற்றித் தரவோ, அடுத்த காலத்துக்கான உச்சவரம்பை இப்போதே எழுதித் தரவோ கேட்கலாம். பணத்தைத் திருப்பித் தர மறுக்கும் நிறுவனங்கள் உரிமங்களை மாற்றித் தரச் சம்மதிப்பது அரிதானதல்ல.

இந்தப் பேச்சு எப்படி முடிந்தாலும், புதுப்பிக்கப்பட்ட காலத்துக்கான மறுப்பு அறிவிப்பை, ஒப்பந்தம் சாளரம் எதையும் விதிக்காத வரை, அதே வாரத்தில் அனுப்பிவிடலாம். 2027 மார்ச் 31உடன் முடியும் காலத்துக்கு 2026 ஏப்ரலிலேயே கொடுக்கும் அறிவிப்பும் "குறைந்தது 60 நாட்கள் முன்பு" என்ற விதிக்குள் வருகிறது. அதில் முடியும் தேதியைத் தெளிவாக எழுதி, கிடைத்ததற்கான உறுதியைப் பெற்று, 2026 டிசம்பர் முதல் வாரத்தில் விலை கேட்க வேண்டும் என்ற நினைவூட்டலைத் தனி ஒருவரின் அஞ்சல்பெட்டிக்கு விடாமல், கொள்முதல், கணக்கு, தகவல் தொழில்நுட்பம் ஆகிய மூன்று பிரிவினரும் பார்க்கும் பொது நாட்காட்டியில் போட்டு வைக்க வேண்டும்.